சீமை ஓடா, சிமெண்ட் பலகையா: பதினொன்றுக்குப் பதினைந்து அறைக்கு ஒரு கூரைக் கணக்கு

திண்டிவனம் பக்கத்தில் என் சித்தி மகன் வீடு கட்டுகிறான். லிண்டல் மட்டம் தாண்டியதும் போன் செய்தான். "அண்ணே, தளத்துக்கு மட்டும் மேஸ்திரி சொல்ற தொகை தலை சுத்துது. ஓடு வச்சுப் போடற ஃபில்லர் ஸ்லாப்ல முப்பது சதவீதம் மிச்சம்ங்கறாங்க. ரெடிமேட் பலகை அடுக்கினா சென்ட்ரிங்கே வேணாம்ங்கறாங்க. எதைப் பண்றது?"

இருபது வருடமாக வீடு கட்டும் வேலையில் இருக்கிறேன். இரண்டு முறையிலும் தளம் போட்டிருக்கிறேன், இரண்டிலும் கோளாறு பார்த்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். "எது மலிவு" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஃபில்லர் ஸ்லாப் குறைப்பது ஒரு செலவை, பலகைத் தளம் குறைப்பது வேறொரு செலவை. உங்கள் வீட்டில் அந்தச் செலவு உண்மையிலேயே பெரிதா என்று பார்த்தால்தான் விடை வரும்.

அவன் ஹாலையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். உள் அளவு 11 அடிக்கு 15 அடி, அதாவது 3.3 மீட்டருக்கு 4.5 மீட்டர். நாலு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர். வழக்கமான தளம் என்றால் 125 மி.மீ. கனம். சுவருக்கு உள்ளே இருக்கும் பரப்புக்கு மட்டும் ஏறக்குறைய 1.86 கன மீட்டர் காங்கிரீட் பிடிக்கும். அதன் எடை நாலரை டன்னுக்கு மேல்.

அந்த நாலரை டன்னில் எவ்வளவு உண்மையாக வேலை செய்கிறது என்பதுதான் ஃபில்லர் ஸ்லாப்பின் அடிப்படை. தளம் பாரத்தில் வளையும்போது மேல்பக்கம் நசுங்கும், கீழ்பக்கம் இழுபடும். நசுங்குவதைக் காங்கிரீட் தாங்கும். இழுபடுவதைக் கம்பிதான் தாங்கும், காங்கிரீட்டால் முடியாது. இந்த ஹாலுக்குக் கணக்குப் போட்டால், முழுப் பாரத்தையும் சுமக்கும் நிலையில்கூட நசுங்கும் பகுதி மேலே ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான் வருகிறது. அதற்குக் கீழே இருக்கும் காங்கிரீட்டின் வேலை கம்பியை மேல்பகுதியோடு பிணைப்பதும், துருவிலிருந்து கம்பியைக் காப்பதும், சுவர் ஓரத்தில் தளத்தை அறுத்துவிடப் பார்க்கும் வெட்டு விசையைத் தாங்குவதும்தான். அந்தப் பகுதியில் கம்பி ஓடாத இடங்களில் காங்கிரீட்டுக்குப் பதில் லேசான, மலிவான ஒரு பொருளை வைக்கலாம். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் அதைத்தான் செய்தார். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைத்த ஓடுகளைத் தளத்துக்குள் வைத்தார். தமிழ்நாட்டில் நாம் சீமை ஓடு என்று சொல்லும் அதே மங்களூர் ஓடுதான்.

சீமை ஓடு ஏறக்குறைய 410 மி.மீ. நீளம், 235 மி.மீ. அகலம். இரண்டு ஓட்டை முகத்துக்கு முகம் கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்று அடைபட்டு ஒரு பெட்டி மாதிரி ஆகும். உயரம் சுமார் 70 மி.மீ. வரும். 125 மி.மீ. தளத்தில் இந்த ஜோடியை சென்ட்ரிங் ஷீட் மேலேயே உட்கார வைத்தால், அதற்கு மேல் 55 மி.மீ. காங்கிரீட் நிற்கும். 50-க்குக் கீழே அது போகக் கூடாது. ஜோடிகளுக்கு இடையே 100 மி.மீ. இடைவெளி விடுகிறோம். அந்த இடைவெளியில்தான் கம்பி ஓடும், அதுதான் விலா. சுவர் ஓரமாகச் சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்கு ஓடே வைக்கக் கூடாது, அங்கே முழுக் காங்கிரீட். வெட்டு விசை அதிகம் இருப்பது சுவர் ஓரத்தில்தான்.

இப்படி அடுக்கிப் பார்த்தால் அந்த ஹாலில் குறுக்கே 5, நெடுக்கே 11, ஆக 55 ஜோடி பிடிக்கும். 110 ஓடு. மிச்சமாகும் காங்கிரீட் சுமார் 0.37 கன மீட்டர், அதாவது 20 சதவீதம். விளம்பரத்தில் சொல்லும் முப்பது வரவில்லை. ஓரத்தில் விட்ட அந்த ஒரு அடிப் பட்டைதான் காரணம். அந்தப் பட்டையைக் குறைத்து முப்பதை எட்டுபவர் உங்கள் சுவர் ஓரத்தில் கை வைக்கிறார் என்று அர்த்தம். அறை சின்னதாக ஆக ஆகப் பட்டையின் பங்கு கூடும். எட்டுக்கு எட்டு அறையில் ஃபில்லர் ஸ்லாப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உழைப்புக்கு ஏற்ற மிச்சம் வராது.

இப்போது ரூபாய்க்கு வருவோம். காங்கிரீட் ஒரு கன மீட்டர் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2,400 ரூபாய். புதுச் சீமை ஓடு ஒன்று 40 ரூபாய்க்கு வாங்கினால் 110 ஓட்டுக்கு 4,400. அதாவது நஷ்டம்! பழைய ஓடு 15 ரூபாய்க்குக் கிடைத்தால் 1,650 போக ஏதோ கொஞ்சம் மிஞ்சும், அதையும் ஓடு அடுக்கும் ஆள் கூலி தின்றுவிடும். ஆக, காங்கிரீட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டும் இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். ஃபில்லர் ஸ்லாப்பின் உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது: கீழ்ப்பக்கம் பூச வேண்டாம், பட்டி பார்க்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம். சிவப்பு ஓடும் சாம்பல் விலாவுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தத் தளமே அழகு. இந்த ஹாலின் கூரைப் பரப்பு 160 சதுர அடி. சதுர அடிக்கு 30 ரூபாய் வீதம் பூச்சு வேலை மிச்சமானாலே 4,800. ஓட்டை மூடிப் பூசத்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் ஃபில்லர் ஸ்லாப்பை விட்டுவிடுங்கள். வழவழப்பான ஓட்டில் பூச்சு சரியாகப் பிடிக்காது, ஓடும் காங்கிரீட்டும் சேரும் கோட்டில் மயிரிழை வெடிப்பு வந்துகொண்டே இருக்கும்.

கம்பி விஷயத்தில்தான் ஆபத்து அதிகம். ஓடு வைத்த தளத்தில் கம்பிகள் தள்ளித் தள்ளி இருப்பதைப் பார்த்துவிட்டு "பாதிக் கம்பி போதும்" என்று பேசுகிறார்கள். தளத்தின் எடை குறைவதென்னவோ உண்மை. 0.37 கன மீட்டர் காங்கிரீட்டின் எடை 920 கிலோ, அந்த இடத்தில் வரும் ஓட்டின் எடை 270 கிலோ, நிகரமாக 650 கிலோ குறைகிறது. ஆனால் மேலே போடும் சுர்க்கியும் தட்டோடும் குறையவில்லை, ஆள் நடமாட்டப் பாரமும் குறையவில்லை. மொத்தப் பாரத்தில் பார்த்தால் 7 சதவீதம்தான் குறைகிறது. கம்பியும் அந்த அளவுதான் குறைய முடியும்.

இதே ஹாலில் பார்ப்போம். குறுக்குவாட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 235 சதுர மி.மீ. கம்பி வேண்டும் என்று கணக்கு வருகிறது. சாதாரணத் தளத்தில் 8 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் கட்டினால் போதும். ஃபில்லர் ஸ்லாப்பில் ஒரு விலாவிலிருந்து அடுத்த விலாவுக்கு 335 மி.மீ. அந்த 335 மி.மீ. அகலத்தின் பங்கு முழுவதும் ஒரே விலாவில் வந்து விழுகிறது, அதாவது 79 சதுர மி.மீ. ஒற்றை 8 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 50-தான். ஆகவே ஒரு விலாவுக்கு 8 மி.மீ. கம்பி இரண்டு வேண்டும். ஒற்றைக் கம்பி போட்டு "ஃபில்லர் ஸ்லாப்னா அப்படித்தான் சார்" என்று சொல்லும் மேஸ்திரியிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். இரண்டு போடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒன்றை அடியிலேயே நேராக ஓடவிட்டு, மற்றொன்றைச் சுவர் ஓரத்தில் மேலே வளைத்துவிடலாம். இந்த எண்கள் இந்த ஒரு அறைக்கானவை. உங்கள் அறைக்கு உங்கள் எஞ்சினீயர் போட வேண்டும். ஆனால் விலாவுக்கு எத்தனை கம்பி என்ற கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஓடுகளுக்கு மேலே இருக்கும் 55 மி.மீ. காங்கிரீட்டிலும் 6 மி.மீ. கம்பியை 200 மி.மீ. கட்டமாக ஒரு வலை போட வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் விரிந்து சுருங்கி, ஓட்டின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே மேலே வெடிப்பு காட்டும்.

அடுத்து, நான் கண்ட கோளாறு. பத்து வருடம் முன்பு ஒரு தளம் போட்டோம். சித்திரை மாதம், காலையிலேயே நல்ல வெயில். ஓட்டை முதல் நாள் மாலையே அடுக்கியாகிவிட்டது, நனைக்கவில்லை. கேட்டதற்கு, காங்கிரீட் போடும் முன் பைப்பில் தண்ணீர் அடித்துவிடுவோம் என்றார்கள். மேலாகத்தான் அடித்தார்கள். பதினான்கு நாள் கழித்து சென்ட்ரிங் பிரித்தபோது விலாக்கள் பல இடத்தில் பொரி உருண்டை மாதிரி இருந்தன. ஜல்லி தெரிகிறது, இரண்டு இடத்தில் கம்பியே தெரிகிறது. உலர்ந்த ஓடு பக்கவாட்டில் இருந்து காங்கிரீட்டின் நீரை உறிஞ்சிவிட்டது. 100 மி.மீ. அகலமே உள்ள விலாவில் இரண்டு பக்கமும் உறிஞ்சினால் என்ன மிஞ்சும்? கெட்டியாகிப்போன கலவைக்குள் வைப்ரேட்டர் ஊசியும் சரியாக இறங்கவில்லை. தளர்ந்த ஜல்லியைக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட் அடைத்துச் சரிசெய்தோம். மிச்சம் பிடித்த பணத்தைப்போல இரண்டு மடங்கு அதற்குப் போனது.

அன்றிலிருந்து என் வேலையில் ஓடு தொட்டியில் ஊறும். குமிழி வருவது நிற்கும்வரை ஊற வைத்து, வெளியே எடுத்து, மேல் ஈரம் வடிந்ததும் அடுக்க வேண்டும். ஜோடியின் விளிம்பைச் சிமெண்ட் கலவையால் முதல் நாளே மெல்லியதாகப் பூசி அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி, காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜல்லி 20 மி.மீ. வேண்டாம், 12 மி.மீ. எடுங்கள். வைப்ரேட்டர் ஊசியும் மெல்லியதாக, 25 மி.மீ. போதும். ஓட்டின் மேல் யாரும் மிதிக்கக் கூடாது. நடக்கப் பலகை போட்டு, அந்தப் பலகை கம்பி மேலும் ஓடு மேலும் உட்காராதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். பத்து ஓடாவது உடையும், உபரியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்ததை அப்படியே விட்டுக் காங்கிரீட் போட்டால் அந்த இடம் கீழே கறுப்பாகத் தெரியும், பிறகு மாற்ற வழியில்லை.

மின்சாரப் பைப்பையும் முன்பே வரைந்துகொள்ள வேண்டும். விலாவுக்குள் பைப்பைத் திணித்தால் கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் இடம் இருக்காது. சுவர் ஓரப் பட்டையிலேயே ஓட்டி, மின்விசிறிக்கு மட்டும் நடுவில் ஒரு விலா வழியாக வருவது நல்லது. மின்விசிறிப் பெட்டி இரண்டு விலா வெட்டும் சந்தியில் இருக்கட்டும். அதற்காக ஒரு ஜோடி ஓட்டை விட்டுவிட்டாலும் தவறில்லை. பின்னாளில் ஊஞ்சல் மாட்டக் கொக்கி வேண்டும் என்று ஓட்டில் துளை போட்டால் ஓடு கையோடு வந்துவிடும்.

வெப்பம் குறையும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுக்குள் அடைபட்ட காற்று கொஞ்சம் உதவும்தான், ஆனால் விலா வழியாக வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மேலே சுர்க்கியும் தட்டோடும் போடாமல் ஃபில்லர் ஸ்லாப்பை நம்பி இருந்தால், திண்டிவனத்து மே மாதத்தில் ஹாலில் உட்கார முடியாது.

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. ஃபில்லர் ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் முழுசாக வேண்டும். ஷீட், முட்டு, ஆசாரி, பிரிக்கும் கூலி, காத்திருக்கும் நாட்கள் எதுவும் குறையாது. அதைக் குறைப்பதுதான் பலகைத் தளம்.

இது நமக்குப் புதிதல்ல. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்டில் மேலே அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரம், அதன் மேல் வரிசையாகக் கட்டை, கட்டைக்குக் கட்டை செங்கல். அதே தர்க்கம்தான் இங்கே சிமெண்டில். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை இது. பலகைக்கும் உத்தரத்துக்கும் ஐஎஸ் 13990, கட்டும் முறைக்கு ஐஎஸ் 13994 என இரண்டு தரக் குறியீடும் இருக்கின்றன. இரண்டும் 1994-இல் வந்தவை.

பலகை 300 மி.மீ. அகலம், ஒன்றரை மீட்டர் நீளம்வரை. நடுவில் 60 மி.மீ. கனம், இரண்டு ஓரத்திலும் சரிந்து 30 மி.மீ. இரண்டு பலகையை அடுத்தடுத்து வைத்தால் நடுவே மேல்பக்கம் திறந்த ஒரு பள்ளம் உண்டாகும். அதில் ஊற்றும் காங்கிரீட்தான் பலகைகளை ஒன்றாக்குகிறது. பலகையைத் தாங்கும் உத்தரம் 150-க்கு 150 மி.மீ., அதன் முதுகில் வளையக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பலகை முனைகளுக்கு நடுவே விட்ட சந்தில் அந்த வளையங்களைச் சுற்றிக் காங்கிரீட் போட்டதும், உத்தரமும் பலகையும் சேர்ந்து 210 மி.மீ. உயரமுள்ள ஒரே பீம் ஆகிவிடும்.

அதே ஹாலுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 4.5 மீட்டர் நீளத்தை ஒன்றரை மீட்டராக மூன்று பத்தியாகப் பிரித்தால் உத்தரம் இரண்டு. அவை குறுக்கே 3.3 மீட்டர் தாண்டி இரண்டு பக்கமும் 150 மி.மீ. சுவரில் உட்கார வேண்டும், ஆக ஒன்று 3.6 மீட்டர். ஒரு பத்திக்கு 11 பலகை, மொத்தம் 33. பலகை, உத்தரம், பள்ளக் காங்கிரீட் எல்லாம் சேர்த்து 1.06 கன மீட்டர் வருகிறது. 1.86-இல் இருந்து 1.06. சுவர் மேல் வரும் பட்டையிலும் உத்தரங்களுக்கு நடுவே அடைக்கும் செங்கலிலும் கொஞ்சம் திரும்பப் போய்விடும். ஆனாலும் ஃபில்லர் ஸ்லாப்பைவிட இது பெரிய மிச்சம், சென்ட்ரிங் செலவு இல்லாமல் போவது தனி.

பிறகு ஏன் எல்லோரும் போடுவதில்லை? எடையைப் பாருங்கள். ஒரு பலகை சுமார் 50 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். ஒரு உத்தரம் 200 கிலோ. அதைச் சங்கிலி கப்பி கட்டித்தான் ஏற்ற வேண்டும், அந்த வேலை பழகிய ஆட்கள் வேண்டும். அடுத்தது அச்சு. ஆறு அச்சு வைத்திருந்தால் ஒரு நாளைக்கு ஆறு பலகை. அந்த ஹாலுக்கே ஆறு நாள் வார்ப்பு, பிறகு 14 நாள் தண்ணீரில், இரண்டு வாரம் நிழலில். ஒரே ஒரு ஹாலுக்காக அச்சு செய்தால் அந்தச் செலவை எதில் கழிப்பது? நான் பலகைத் தளம் போட்டு நிம்மதியாக இருந்த வேலை, ஒரே அளவில் ஆறு அறை கொண்ட வாடகை லைன் வீடு. 198 பலகை. அதே அச்சு முப்பது முறைக்கு மேல் திரும்பி வந்தது. சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே பலகைகள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. சுவர் முடிந்த வாரத்திலேயே கூரையும் மூடியாயிற்று. ஒரே அளவு அறைகள் வரிசையாக இருந்தால்தான் இந்த முறைக்குப் பலம்.

சுவர் மட்டத்தில் ஒரு இடறல் உண்டு, முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் அதில் மாட்டுகிறார்கள். உத்தரம் நீளமான சுவர்களின் மேல் உட்காருகிறது. பலகை உத்தரத்தின் முதுகில் உட்காருகிறது. கடைசிப் பத்தியின் பலகை மறுமுனையில் அகலவாட்டுச் சுவரின் மேல் உட்கார வேண்டும். அப்படியானால் அகலவாட்டுச் சுவர் நீளமான சுவரைவிட 150 மி.மீ. உயரமாக முடிய வேண்டும். வழக்கம்போல நாலு சுவரையும் ஒரே மட்டத்தில் நிறுத்திவிட்டால், பலகை ஒரு பக்கம் அந்தரத்தில் நிற்கும். கொத்தனாரிடம் இதை வாயால் சொல்வதைவிடச் சுவரிலேயே சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டிவிடுவது நல்லது.

பலகையை ஏற்றும் முன் உத்தரத்துக்கு அடியில் முட்டு நிறுத்த வேண்டும். பலகை ஏறும்போது உத்தரம் இன்னும் 150 மி.மீ. உயரக் குச்சிதான். மேலே ஊற்றிய காங்கிரீட் இறுகும்வரை 210 மி.மீ. பீமின் பலம் அதற்கு வராது. சென்ட்ரிங் வேண்டாம் என்றால் முட்டும் வேண்டாம் என்று அர்த்தமல்ல. நடுவில் மட்டமான ஒரு தாங்கு கட்டையும் ஜாக்கியும் இரண்டு வாரம் நிற்கட்டும்.

பலகையை 1:4 கலவை மேல் உட்கார வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் உத்தரத்தைக் குறுக்கே தாண்டி 6 மி.மீ. கம்பி போட்டு, பள்ளத்தைக் கழுவி, சிமெண்ட் பால் தடவி, சின்ன ஜல்லிக் காங்கிரீட்டை ஒரே நாளில் ஊற்றி முடிக்க வேண்டும். இன்றைக்குப் பாதி நாளைக்குப் பாதி என்று விட்ட தளம்தான் ஒழுகுகிறது. ஊற்றி முடித்ததும் கரை கட்டித் தண்ணீர் நிறுத்திப் பதினான்கு நாள் வைத்திருங்கள். அதுவே கசிவுக்கும் சோதனை. கீழே நின்று பார்த்தால் எந்தப் பள்ளம் வியர்க்கிறது என்று தெரிந்துவிடும், சுர்க்கி போடும் முன்பே சரிசெய்யலாம். கீழ்ப்பக்கம் பலகை சேரும் கோடுகளைப் பூசி மறைக்க முயலாதீர்கள், வெடிப்பு காட்டியே தீரும். அந்தக் கோட்டைக் காடியாகவே விட்டுவிட்டால் அதுவே ஒரு ஒழுங்காகத் தெரியும்.

கம்பிப் பிணைப்பை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2001 குஜராத் நிலநடுக்கத்தில் முன்வார்ப்புப் பலகைக் கூரை போட்ட பள்ளிக் கட்டடங்கள் பல சரிந்தன. பலகைகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் சரியாகப் பிணைக்கப்படாததே காரணம். அடுக்கி வைத்த பலகை வேறு, பிணைத்த தளம் வேறு. உத்தரத்தின் முனைக் கம்பிகள் சுவரைச் சுற்றி ஓடும் பீம் பட்டைக்குள் போய்க் கொளுவ வேண்டும்.

பலகைத் தளம் எங்கே கூடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்கு வேண்டாம். பைப்புக்காகத் துளை போட்டால் பலகையில் மூன்றே மூன்றாக இருக்கும் 6 மி.மீ. கம்பியில் ஒன்று அறுபடும். பால்கனி, சன்ஷேட் போன்ற தொங்கு பகுதிக்கு வேண்டாம். இழுவை அங்கே மேல்பக்கம் வரும், பலகையின் கம்பியோ கீழே இருக்கிறது. மாடியில் சுவர் எழுப்பப் போகிறீர்கள் என்றால் அந்தச் சுவர் உத்தரத்தின் மேலேயே வர வேண்டும், அதையும் இப்போதே கணக்கில் எடுத்து உத்தரத்தைப் பெரிதாக்க வேண்டும். கடலோரத்தில் கட்டாயம் வேண்டாம். காங்கிரீட்டுக்கான தரக் குறியீடு ஐஎஸ் 456 அங்கே கம்பிக்கு மேல் 45 மி.மீ. காங்கிரீட் உறை கேட்கிறது. 30 மி.மீ. ஓரமுள்ள பலகையில் 45 மி.மீ. உறை எங்கிருந்து வரும்? மரக்காணம் பக்கம் ஒருவர் கேட்டபோது மறுத்துவிட்டேன். தொங்கு பகுதிக்குச் சொன்னது ஃபில்லர் ஸ்லாப்புக்கும் பொருந்தும். ஹாலுக்கு நடுவே பீம் ஓடி, தளம் அதன் மேல் தொடர்ந்து போனால், பீமின் இரண்டு பக்கமும் நசுங்கும் பகுதி கீழே வந்துவிடும். அங்கேயும் ஓடு வைக்கக் கூடாது.

பலகையை வெளியே வாங்குவதாக இருந்தால் போய்ப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை ஒரு பலகைக் களத்தில் அடுக்கியிருந்த விதமே எனக்குப் போதுமானதாக இருந்தது. அடுக்குக்கு நடுவில் மட்டும் ஒரு கட்டை, இரண்டு முனையும் காற்றில். கம்பி இல்லாத மேல்பக்கம் இழுபட்டு, குறுக்கே மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் அந்தக் கோடு கறுப்பாகத் தெரிந்தது. தாங்கு கட்டை இரண்டு முனைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். தூக்கும்போதும் முனைப்பக்கம் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பலகையைக் கவிழ்க்கவே கூடாது. மேல்பக்கம் எது என்று பெயிண்டில் எழுதியிருக்க வேண்டும். நான் செய்யும் சோதனை எளிது. எந்த அடுக்கிலிருந்தும் ஏதோ ஒரு பலகையை எடுத்து, இரண்டு முனையிலும் செங்கல் வைத்து, மேலே நான்கு சிமெண்ட் மூட்டை பரவலாக அடுக்குவேன். வீட்டில் அந்தப் பலகை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போவது தன் எடை போக 130 கிலோ அளவுதான், நான் வைப்பது 200. ஒரு மணி நேரம் கழித்து அடியில் ஈரத் துணி போட்டுத் துடைத்துப் பார்ப்பேன். கோடு தெரிந்தால் அந்தக் களத்தில் வாங்குவதில்லை.

சித்தி மகன் வீட்டுக்கு வருகிறேன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, மூன்றும் மூன்று அளவு. அச்சு செய்து பலகை வார்க்க அங்கே கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அவன் இடித்த தாத்தா காலத்து வீட்டின் சீமை ஓடு அறுநூறுக்கு மேல் கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறது. விலை கொடுக்காத ஓடு என்றதும் கணக்கு மாறிவிட்டது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஃபில்லர் ஸ்லாப், கீழே பூச்சு கிடையாது. சமையலறை சின்னது, கழிவறைக்குப் பைப்பு இறங்க வேண்டும், அவை இரண்டுக்கும் சாதாரணத் தளமே. ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கணீரென்றால் எடுத்துக்கொள், சொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கிறது, ஒதுக்கு. நேற்றுவரை 260 தேறியிருக்கிறது. கொல்லைக் கிணற்றடித் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டான்.